மோட்டார் ஓடினால் ஆடும் வெப்பமானி

ஏற்காட்டில் கதிரும் மணியும் சேர்ந்து காப்பிக்கொட்டை வறுக்க ஒரு சின்ன டிரம் செய்தார்கள். அடியில் கேஸ் அடுப்பு, சுற்றுவதற்கு மோட்டார், முன்தகட்டில் வெப்பத்தை அளக்க, இரு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த கே வகை தெர்மோகப்பிள். அது தரும் மின்னழுத்தத்தை மேக்ஸ் 6675 சிப் எண்ணாக்கும்; அதை ஒரு போர்டு யூஎஸ்பி வழியே லேப்டாப்புக்கு அனுப்பும்.

மோட்டார் ஓடாமல் இருக்கும்போது எல்லாம் சரி. ஓட ஆரம்பித்தால் 180 டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் எண் 140-க்கும் 220-க்கும் இடையே ஆடியது. சென்சாரை மாற்றினார்கள், கெப்பாசிட்டர் வைத்தார்கள், பலனில்லை. செல்போனுக்குச் சார்ஜ் போட மணி லேப்டாப் பிளக்கைப் பிடுங்கினான். எண் அப்படியே நின்றுவிட்டது.

"மாப்ள, திரும்பச் சொருகுடா" என்றான் கதிர். சொருகியதும் ஆட்டம் திரும்பியது. மோட்டாரும் சார்ஜரும் சேர்ந்து இருந்தால்தான் கோளாறு.

காரணம் இதுதான். மோட்டார் ஓடும்போது அதன் சுருளிலிருந்து உடலுக்குக் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்து, எர்த் கம்பி வழியே இறங்கும். கசிவு 1 மில்லிஆம்பியர், கம்பியின் மின்தடை 1 ஓம் என்றால், மோட்டார் உடல் 1 மில்லிவோல்ட் உயர்ந்து நிற்கும். லேப்டாப்போ வேறொரு பிளக்கில் எர்த் ஆகியிருந்தது. அவர்கள் வாங்கிய தெர்மோகப்பிளின் முனை வெளி உலோகக் குழாயோடு பற்றவைக்கப்பட்டது. குழாய், மோட்டார் பொருத்திய டிரம் சட்டத்தைத் தொடும். சிப்பின் எதிர்முனையோ போர்டின் கிரவுண்டோடு, அது வழியே லேப்டாப் எர்த்தோடு இணைந்தது. ஆக, இரண்டு எர்த்தையும் தெர்மோகப்பிளின் ஒரு கம்பி பாலமாக இணைத்துவிட்டது. இதுதான் கிரவுண்ட் லூப்.

சுற்றிவரும் மின்னோட்டம் அற்பம்தான். ஆனால் அலுமெல் என்ற நிக்கல் கலவையாலான அந்த மெல்லிய கம்பிக்கு மீட்டருக்கு 1.5 ஓம்வரை தடை உண்டு. எர்த் வேறுபாட்டின் பெரும்பகுதி அதிலேயே விழுந்து, உண்மையான சிக்னலோடு கூடிவிடும். கே வகை ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். அதனால் 1 மில்லிவோல்ட் பிழை ஏறத்தாழ 24 டிகிரி. மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குவதால் எண்ணும் மேலும் கீழும் துள்ளுகிறது. ஒலிபெருக்கியில் இதே கோளாறு 'ஹம்' என்று காதில் விழும்.

"எர்த் பின்னை வெட்டிடலாமா?" என்று மணி கேட்டான். வேண்டவே வேண்டாம். மோட்டாரில் இன்சுலேஷன் போனால் டிரம்மைத் தொட்டவருக்கு ஷாக்; மோட்டாரின் எர்த் எதற்காகவும் கழற்றக்கூடாதது. அறுக்க வேண்டியது சிக்னல் பக்கத்தை. முனை குழாயிலிருந்து பிரிக்கப்பட்ட தெர்மோகப்பிள் கிடைக்கிறது; அதையே வாங்கிப் போட்டார்கள். இடையே மெக்னீசியம் ஆக்சைடு பொடி நிரப்பியிருப்பார்கள். மல்டிமீட்டரில் ஓம் வைத்து, குழாயிலும் கம்பியிலும் தொட்டால் பழையதில் கிட்டத்தட்ட பூஜ்யம், புதியதில் தொடர்பே இல்லை. போர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே, நேரடி மின் இணைப்பில்லாமல் தகவலை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டாலும் லூப் அறுபடும்.

புதிய முனை வெப்பத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும். கொட்டை முதலில் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு, திரையில் அப்போது இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி அடுப்பைக் குறைக்கிறார்கள்.