டிஃப்ளெக்ஷன் மேட்ச் ஆச்சுன்னு ஷியரை நம்பிடாதீங்க

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் ஃபைனைட் எலிமென்ட் மாடலை ரன் பண்ணிட்டு வந்து, "சார், டிஃப்ளெக்ஷன் கைக்கணக்கோட அப்படியே மேட்ச் ஆகுது, ரிப்போர்ட் அனுப்பிடலாமா"ன்னார். அவருக்கு பேப்பர்ல போட்டுக் காட்டின கணக்கு இதுதான்.

6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் லோடு. சமன்பாடு `EI w'''' = q`, இதுல `w` டிஃப்ளெக்ஷன், `q` லோடு, `EI` பீமோட விறைப்பு, கீழ வர்ற `L` நீளம். விடை தெரியாதுன்னு வச்சுக்கிட்டு, `w = a sin(πx/L)`னு ஒரு வளைவை நாமளே யூகிக்கிறோம், ரெண்டு முனையிலயும் டிஃப்ளெக்ஷனும் மொமென்ட்டும் பூஜ்யம், அதனால பவுண்டரி கண்டிஷன் பிரச்சனை இல்ல, தெரியாதது `a` மட்டும்தான். இதை சமன்பாட்டுல போட்டா சரியா பொருந்தாது, கொஞ்சம் மிச்சம் நிக்கும், அதான் ரெசிடுவல். அதை எல்லா இடத்துலயும் பூஜ்யமாக்க முடியாது. ரஷ்ய இன்ஜினியர் கலெர்கின் 1915-ல சொன்ன வழி என்னன்னா, யூகிச்ச அதே சைன் வளைவால ரெசிடுவலைப் பெருக்கி, நீளம் முழுக்க இன்டெக்ரேட் பண்ணி, அந்த மொத்தத்தை பூஜ்யமாக்கு.

```
a = 4qL⁴ / (π⁵EI)
```

நடு டிஃப்ளெக்ஷன் நிஜ விடையை விட வெறும் 0.4% கூட. ஒரே ஒரு சைன்ல! மொமென்ட் 90-க்கு பதிலா 92.9, அதுவும் பரவால்ல. ஆனா சப்போர்ட்ல ஷியர் 60 கிலோநியூட்டன் வரணும், வர்றது 48.6 தான், அதாவது 19% கம்மி, அதுவும் ஆபத்தான பக்கம்.

ஏன்? ஒவ்வொரு தடவை டிஃபரென்ஷியேட் பண்ணும்போதும் பிழை பெருசாகுது, ஷியர்ங்கறது மூணாவது டெரிவேட்டிவ். இன்னொண்ணு, ரெசிடுவல் முனையில முழு `q` அளவுக்கு நிக்குது, ஆனா அங்க பெருக்குற சைனோட மதிப்பு பூஜ்யம். தப்பு அதிகமா இருக்குற இடத்துலதான் நாம காதைப் பொத்திக்கிறோம்! `sin(3πx/L)` சேர்த்தா 54, அடுத்த டெர்மும் சேர்த்தா 56, மெதுவாத்தான் ஏறும்.

ஃபைனைட் எலிமென்ட்லயும் இதே கதைதான், முழு பீமுக்கும் ஒரே சைன் யூகிக்காம, பீமைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுலயும் சின்ன பாலினாமியல் வைக்கிறோம், அவ்வளவுதான். பீம் எலிமென்ட்ல சாஃப்ட்வேர் ஃபிக்ஸ்டு எண்ட் ஃபோர்ஸை சேர்த்துக்கறதால பெரும்பாலும் தப்பிச்சிடுவோம், பிளேட், சாலிட் எலிமென்ட்ல அந்த சலுகை கிடையாது.

எங்க சைன் கணக்குல ரெண்டு முனை ஷியரையும் கூட்டினா 97, மொத்த லோடு 120, உடனே மாட்டிக்கும். சாஃப்ட்வேர்ல அப்படி மாட்டாது, நோடல் ரியாக்ஷன் எவ்வளவு மோசமான மெஷ்லயும் லோடோட டேலி ஆயிடும், அதைப் பாத்து ஏமாந்தவங்க நிறைய பேர் (நானும்தான்). அதனால தம்பிகிட்ட சப்போர்ட் பக்கத்துல மெஷ்ஷை பாதியாக்கி ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் திரும்ப எடுத்துட்டு வரச் சொன்னேன், டிஃப்ளெக்ஷன் அசையவே இல்ல, ஸ்ட்ரெஸ் நல்லாவே ஏறியிருந்துச்சு, ரிப்போர்ட் இன்னும் போகல.