'ஆனால்' எதைத் திருப்புகிறது?

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆங்கிலத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் எல்லாச் சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரிகிறது. ஆனாலும் நடுவில் ஒரு 'ஹவெவர்' வந்துவிட்டால் விடை தப்பாகிவிடுகிறது. ஏன்?"

அவருக்கான பதில் அவர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த 'ஆனாலும்' எதை மறுக்கிறது என்று பாருங்கள். 'அர்த்தம் தெரிகிறது' என்ற முதல் வாக்கியத்தை அது மறுக்கவில்லை. அர்த்தம் தெரிவது உண்மைதான். 'அர்த்தம் தெரிந்தால் விடையும் சரியாக வரும்' என்று அவர் எழுதாமல் விட்ட, நாம் மனதுக்குள் போட்டுக்கொண்ட ஒரு முடிவைத்தான் அது மறுக்கிறது. எழுதிய சொல் எழுதாத வாக்கியத்தில் போய்ப் பிடிக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் சோதனை பழையது. பள்ளி நேரம் பிள்ளைகளை எவ்வளவு களைப்பாக்குகிறது என்று பார்ப்பதற்காக உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரப் பள்ளிகளில் இதைப் பயன்படுத்தி, 1897-இல் முடிவுகளை வெளியிட்டார். அப்புறம் அது உலகம் முழுக்கப் போட்டித் தேர்வுகளுக்குள் புகுந்துவிட்டது. வரலாறு அவ்வளவு போதும், மூளைக்கு வருவோம்.

நாம் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் வந்து சேரும்வரை மூளை சும்மா காத்திருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தயாராகிக்கொண்டே போகிறது. 1980-இல் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் இதை அளந்து காட்டினார்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவினான் என்பதுபோன்ற வாக்கியத்தில் 'வெண்ணெய்' வரவேண்டிய இடத்தில் 'காலுறை' என்று வந்தால், அந்தச் சொல் தெரிந்து ஏறக்குறைய 400 மில்லிவினாடியில் மூளை அலையில் எதிர்மின் பக்கமாக ஒரு சரிவு தெரிந்தது. அதற்கு என்-400 என்று பெயர். சொல் எதிர்பார்ப்புக்குப் பொருந்தினால் சரிவு சின்னது, பொருந்தாவிட்டால் பெரியது.

சரி, இணைப்புச் சொல் இந்த எதிர்பார்ப்பை உடனே திருப்புமா? அல்லது மூளை முதலில் வழக்கமான முடிவுக்கே ஓடி, பிறகு திரும்பி வருமா? மிங் ஷியாங், ஜீனா கூப்பர்பெர்க் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. எலிசபெத் என்ற பெண்ணுக்கு வரலாற்றுத் தேர்வு. ஒரு கதையில் அவள் பிரமாதமாக எழுதிவிட்டாள், வீட்டுக்குப் போய்க் கொண்டாடினாள். இன்னொன்றில் அவள் தோற்றுப்போனாள், 'இருந்தாலும்' வீட்டுக்குப் போய்க் கொண்டாடினாள். பொருந்தாத கதைகளும் கலந்திருந்தன: தோற்றாள், கொண்டாடினாள். பிரமாதமாக எழுதினாள், இருந்தாலும் கொண்டாடினாள்.

'இருந்தாலும்' எதிர்பார்ப்பை உண்மையிலேயே திருப்பியது. தோற்றவள் கதையில் அந்தச் சொல் வந்தபின் 'கொண்டாடினாள்' மூளைக்கு அதிர்ச்சியாக இல்லை. இன்னும் ஒரு படி மேலே: இணைப்புச் சொல் இல்லாத 'பிரமாதமாக எழுதினாள், கொண்டாடினாள்' என்ற சாதாரணக் கதையைவிடவும் இங்கே என்-400 சிறியதாக இருந்தது! திருப்பம் உள்ள வாக்கியம் நேர் வாக்கியத்தைவிட எளிதாக ஊகிக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தோற்றவளைப் பற்றி வேலை மெனக்கெட்டு ஒருவர் 'இருந்தாலும்' என்று சொல்கிறார் என்றால், வழக்கத்துக்கு மாறாக ஏதோ வரப்போகிறது என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார். அடுத்து வரக்கூடியவை குறுகிவிடுகின்றன.

ஆனால் அது இலவசமாக வரவில்லை. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில், வழக்கத்துக்கு மாறான உறவை மனதில் தாங்கிப் பிடித்ததற்கான செலவு அலையில் தெரிந்தது. நம் வாசகி தேர்வு அறையில் மிச்சம் பிடிப்பது இந்தச் செலவைத்தான் என்று நினைக்கிறேன். நேரம் போதாதபோது கண் இணைப்புச் சொல்லைத் தாண்டிவிடுகிறது. கனமான சொல்லோடு கனமான சொல்லை முடிச்சுப் போடுகிறோம்: தேர்ச்சி என்றால் கொண்டாட்டம், தோல்வி என்றால் அழுகை. வினா தயாரிப்பவருக்கும் இது தெரியும். அந்த முடிச்சுக்கு ஏற்ற சொல்லை விடைகளில் ஒன்றாக வைத்துவிடுவார்.

பயிற்சி மையங்களில் 'ஹவெவர் வந்தால் எதிர்ச்சொல், தேர்ஃபோர் வந்தால் ஒத்த சொல்' என்று சூத்திரமாகவே எழுதிப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதி உண்மை, பாதி மூடநம்பிக்கை. 'அந்த வீடு சின்னது. ஆனால் ______.' சூத்திரப்படி 'பெரியது' என்று எழுதவேண்டும், எழுதினால் பைத்தியக்காரத்தனம். சின்ன வீடு என்றதும் புழுக்கமாக இருக்கும், நாலு பேர் இருக்க முடியாது என்று ஒரு முடிவு வருகிறதே, அதைத் திருப்பினால் 'காற்றோட்டமானது' கிடைக்கும். நேர் எதிர்ச்சொல் வேலை செய்யும் இடமும் உண்டு: 'அண்ணன் உயரம், ஆனால் தம்பி குள்ளம்.' இங்கே முடிவு எதுவும் மறுக்கப்படவில்லை, இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான். மொழியியலாளர் ராபின் லேகாஃப் 1971-லேயே இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். எழுவாய் ஒன்றேயா, இரண்டா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இனி, அதிகம் பேரைக் கவிழ்க்கும் வகை:

'அமைச்சர் எதையும் பட்டென்று உடைத்துப் பேசுபவர். ஆனால் நேற்றைய பேச்சில் ______ துளியும் இல்லை.'

விடைகள்: மழுப்பல், வெளிப்படைத்தன்மை, நகைச்சுவை, நன்றி. முதல் வாக்கியத்திலிருந்து வரும் முடிவு, நேற்றும் உடைத்துத்தான் பேசியிருப்பார் என்பது. 'ஆனால்' அதைத் திருப்புகிறது: நேற்று மழுப்பினார். இங்கேயே பலர் 'மழுப்பல்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கோட்டுக்குப் பின்னால் 'துளியும் இல்லை' நிற்கிறது, அது இன்னொரு முறை திருப்புகிறது. மழுப்பினார் என்றால் பேச்சில் இல்லாதது வெளிப்படைத்தன்மை. இரண்டு திருப்பம் ஒன்றையொன்று அடித்துவிட்டு, முதல் வாக்கியத்தின் பக்கத்துச் சொல்லே விடையாகிறது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 'ஆனால்' இருக்கும் இடத்தில் 'எனவே' போட்டு, நீங்கள் தேர்ந்த சொல்லோடு படித்துப் பாருங்கள். 'பட்டென்று பேசுபவர். எனவே நேற்றைய பேச்சில் மழுப்பல் துளியும் இல்லை.' வழவழவென்று போகிறது அல்லவா? அப்படிப் போனால் விடை தப்பு. நீங்கள் இணைப்புச் சொல்லைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் இதே கேள்வி, 'துளியும் இல்லை' என்ற பொருளில், 'எனிதிங் பட்' என்று வரும். அங்கே இரண்டாவது திருப்பம் கோட்டுக்கு முன்னாலேயே நின்று எச்சரிக்கை செய்துவிடுகிறது. தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும், கோட்டைத் தாண்டிய பிறகு. இன்னொரு பக்கம், 'மழை பெய்தால்' என்பதையும் 'மழை பெய்தாலும்' என்பதையும் பிரிப்பது ஒரு 'உம்' மட்டும். ஆங்கிலம் தனிச்சொல் போட்டுச் செய்வதை இங்கே வினையின் வால் செய்கிறது. அந்த 'உம்' கண்ணில் பட்ட 400-வது மில்லிவினாடியில் தமிழ் வாசகர் மூளையில் என்ன நடக்கிறது? ராக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு துளியை எடுத்து, மூளை அலையை அளக்கும் ஓர் இ.இ.ஜி. ஆய்வுக்குக் கொடுத்தால், தலையில் மின்முனை ஒட்டிக்கொண்டு 'பெய்தாலும், பெய்தாலும்' என்று நாள் முழுக்கத் திரையைப் பார்க்க நான் தயார்.