திரும்பி வந்த உறையைப் பிரிக்காதீர்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருப்பதால், காசோலை திரும்பிய வழக்குகள் வாரத்துக்கு இரண்டாவது என் மேசைக்கு வந்துவிடும். கட்சிக்காரர் காசோலையையும் வங்கி கொடுத்த திரும்பல் குறிப்பையும் பத்திரமாக எடுத்து வருவார். "நோட்டீஸ் அனுப்பினதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் சட்டைப்பையைத் துழாவுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மிளகு விவசாயி வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருந்த வியாபாரிக்கு மிளகு கொடுத்த வகையில் 1,40,000 ரூபாய்க்குக் காசோலை வாங்கியிருந்தார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று அது திரும்பிவிட்டது. அந்தச் செய்தி வங்கியிலிருந்து அவருக்குக் கிடைத்தது மார்ச் 14. அவருக்குத் தெரிந்த ஒருவர் பணத்தைக் கேட்டு அறிவிப்பு எழுதிக் கொடுக்க, மார்ச் 18 அன்று ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் வியாபாரியின் கடை முகவரிக்கு அனுப்பியிருந்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

மார்ச் 25 அன்று அவர் என்னிடம் வந்தபோது கையில் இருந்தவை இரண்டு. ஒன்று, பிரிக்கப்பட்ட ஓர் உறை. மற்றது, பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு கறுப்புத் துண்டு.

"என்ன அண்ணா இது?"

"தபால் ஆபீஸ் ரசீதுங்க ஐயா. அழிந்துவிடக் கூடாது என்று லேமினேஷன் போட்டேன்."

அந்த ரசீது வெப்பத் தாளில் அச்சானது. பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு மாதிரி, மை இல்லாமல் சூட்டினால் மட்டுமே எழுத்து விழும் தாள். லேமினேஷன் இயந்திரத்தின் சூட்டில் அது முழுவதும் கறுத்துவிட்டது. எழுத்து எது, தாள் எது என்று பிரிக்க முடியவில்லை. லேமினேஷன் போடாமல் விட்டாலும் இந்தத் தாள் நிலைக்காது. வெயிலிலும், பிளாஸ்டிக் உறைக்குள்ளும், பர்சுக்குள்ளும் கிடந்து சில மாதங்களில் வெளுத்துப்போகும். வழக்கோ ஆண்டுக்கணக்கில் ஓடும். வாங்கிய அன்றைக்கே இரண்டு நகல் எடுத்துவிடுவது ஒன்றே வழி. அசலைச் சாதாரணக் காகித உறைக்குள் போட்டு, நகலோடு வைத்துவிடலாம்.

நல்ல வேளையாக, தபால் எண் பிரிக்கப்பட்ட உறையின் மேல் ஒட்டியிருந்த பட்டையில் தப்பித்திருந்தது. தொடக்கத்தில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் IN. ரசீதில் இருப்பதும், உறையில் இருப்பதும், இணையத்தில் தேடினால் வருவதும் இதே எண்தான்.

அடுத்தது அந்த உறை. அதன் மேல் தபால்காரர் 'கடையைக் காலி செய்துவிட்டார்' என்று குறித்துக் கையெழுத்திட்டிருந்தார். உள்ளே இருந்த அறிவிப்பை இன்னொரு முறை பயன்படுத்தலாமே என்று நம் விவசாயி அதைக் கிழித்துப் பிரித்திருந்தார். சிக்கனம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒட்டியபடியே இருக்கும் உறை ஒரு சாட்சி. இன்ன தேதியிட்ட அறிவிப்பு அதற்குள் இருந்தது என்பதை நீதிமன்றத்திலேயே திறந்து காட்டலாம். பிரித்த உறையை வைத்துக்கொண்டு நின்றால், "உள்ளே வெற்றுத்தாள்தான் இருந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். வழக்கு அதனால் தோற்றுவிடாது. ஆனால் தேவையில்லாத ஒரு குறுக்கு விசாரணையைச் சம்பாதித்துக்கொள்வோம்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த உறையின் மேல் இருந்த குறிப்பு. பதிவுத் தபாலுக்குச் சட்டம் தரும் தனிச் சலுகை, 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. முகவரியைச் சரியாக எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் அது கிடைத்துவிட்டதாகவே கருதப்படும். கிடைக்கவில்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாதாரணத் தபாலுக்கு இந்தப் பிரிவின் பலன் இல்லை. தனியார் கூரியர் ரசீதுக்கும் இல்லை. அவற்றில் அனுப்பினால் எதிராளிக்குக் கிடைத்ததை நாம்தான் வேறு வழியில் காட்டியாக வேண்டும்.

ஆனால் இந்தச் சலுகை முழுவதும் 'முகவரியைச் சரியாக எழுதி' என்ற சொற்களில் தொங்குகிறது. 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு உறை வந்தால் நமக்குக் கவலையே இல்லை. 'வீடு பூட்டியிருந்தது, தகவல் கொடுக்கப்பட்டது' என்றோ, 'கேட்டு வாங்கவில்லை' என்றோ வந்தாலும் முகவரி சரியாக இருந்தால் நீதிமன்றங்கள் அதைச் சேர்ப்பித்ததாகவே ஏற்கின்றன. 'அப்படி ஒருவர் இல்லை', 'காலி செய்துவிட்டார்' என்பவை வேறு கதை. முகவரியே தவறு என்று தபால்காரர் நமக்கு எதிராக எழுதிக் கொடுத்த சான்று அது.

அதனால் அந்த அறிவிப்பை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொன்னேன். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். மார்ச் 14 என்றால் ஏப்ரல் 13 வரை நேரம் இருந்தது. அவர் முதல் அறிவிப்பை நான்காம் நாளே அனுப்பியதுதான் காப்பாற்றியது. கடைசி வாரத்தில் அனுப்பி, உறை 'காலி செய்துவிட்டார்' என்று திரும்பி வந்து, அதற்குள் நாளும் முடிந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வியாபாரியின் வீடு எங்கே என்பதை மிளகு வாங்கியபோது எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்தும், அவருடைய பழைய பில்லிலிருந்தும் கண்டுபிடித்தோம். இரண்டிலும் ஒரே முகவரி. மார்ச் 27 அன்று புதிய அறிவிப்பை வீட்டு முகவரிக்கு அனுப்பினோம். இந்த முறை ஒப்புகை அட்டையில் பெயரும் முகவரியும் மட்டுமல்லாமல், '27-3 தேதியிட்ட காசோலை அறிவிப்பு' என்று காசோலை எண்ணோடு சேர்த்து எழுதினோம். அட்டை கையெழுத்தாகித் திரும்பினால், வந்தது எந்தக் கடிதம் என்பது அதிலேயே இருக்கும். அறிவிப்பின் நகலில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, தபால் எண்ணை முதல் பக்கத்தில் எழுதி, ரசீதின் நகலை அதன் பின்னால் தைத்தோம்.

தபால்காரர் மார்ச் 29 அன்று போனபோது வீடு பூட்டியிருந்தது. தகவல் சீட்டை விட்டுவிட்டு வந்தார். தபால் நிலையத்தில் ஏழு நாள் காத்திருந்துவிட்டு, ஏப்ரல் 6 அன்று 'கேட்டு வாங்கவில்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினார்கள். விவசாயி ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, உறையை அப்படியே கொண்டு வந்து கொடுத்தார். இந்த முறை தொடக்கூட இல்லை என்று சத்தியம் செய்யாத குறை.

அடுத்ததுதான் பலர் கவனிக்காத இடம். ஒப்புகை அட்டையோ உறையோ 'அனுப்பினேன்' என்பதற்கான சான்று என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அது கடிகாரத்தின் தொடக்கம். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாள் முடிந்தபின்தான் புகார் கொடுக்கலாம், முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடவும் வேண்டும். 15 நாள் முடியுமுன் கொடுத்த புகார் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சீக்கிரம் போனாலும் தவறு, தாமதித்தாலும் தவறு.

கிடைத்த நாள் எது என்று வைப்பது? தகவல் சீட்டு விட்ட மார்ச் 29 என்று எடுத்தால், 15-ஆம் நாள் ஏப்ரல் 13. புகாருக்கான ஒரு மாதம் மே 14-ஆம் தேதியோடு முடியும். திரும்பி அனுப்பிய ஏப்ரல் 6 என்று எடுத்தால், 15-ஆம் நாள் ஏப்ரல் 21. எதிர்த்தரப்பு தனக்கு வசதியான நாளை வைத்து வாதாடும் என்பதால், நான் இரண்டு கணக்குக்கும் பொருந்தும் இடைவெளியில்தான் புகார் கொடுப்பேன். இந்த வழக்கில் அது ஏப்ரல் 22 முதல் மே 14 வரை. ஏப்ரல் 28 அன்று தாக்கல் செய்தோம். உறை மேல் இருந்த இரண்டு தேதிகளும் இல்லையென்றால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது.

ஒப்புகை அட்டை திரும்பி வராமலே போவதும் உண்டு. அட்டை வழியில் தொலைந்துவிடும். அப்போது இணையத்தில் காட்டும் சேர்ப்பிப்பு விவரத்தை உடனே அச்செடுக்க வேண்டும், அந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்காது. கூடவே தபால் நிலையத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து சேர்ப்பித்த விவரத்தைக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைக்க வேண்டும். இணைய அச்சை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4) பிரிவின்படியான சான்றிதழ் தேவைப்படும். அதை வக்கீல் தயாரிப்பார். ஆனால் அச்சை உரிய நேரத்தில் எடுத்து வைப்பது உங்கள் வேலை. எந்தக் கணினியில், எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

இப்போது ஒரு மாற்றமும் உண்டு. 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக வைக்காமல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டது. 'பதிவு' என்பது விரைவுத் தபாலுக்கு மேல் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் வசதியாகிவிட்டது. வெறுமனே விரைவுத் தபாலில் போட்டுவிட்டு வந்துவிடாமல், பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிக் கேளுங்கள். ரசீதில் அவை இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

விசாரணையில் வியாபாரி, அறிவிப்பே தனக்கு வரவில்லை என்றார். அழைப்பாணை கிடைத்த பின்னும் 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டியிருந்தால் வழக்கிலிருந்து விடுபட்டிருக்கலாம், 2007-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. அவர் கட்டவில்லை. குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல், உறைக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். நீதிபதி அனுமதிக்க, பெஞ்ச் கிளார்க் உறையின் ஓரத்தைக் கத்தரித்து உள்ளிருந்த அறிவிப்பை எடுத்து நீட்டினார். 27-3 தேதி, காசோலை எண், தொகை மூன்றும் முதல் பக்கத்திலேயே இருந்தன. அந்த வக்கீல் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விவசாயி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.