ஸ்ப்ரவுட்ஸ்: தமிழில் முளையாட்டம்

சென்னையில் ஸ்ப்ரவுட்ஸ் என்றால் பெசன்ட் நகர் பக்கம் காலை நடை போகிறவர்கள் சாப்பிடும் முளைகட்டிய பயறுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது காகிதமும் பென்சிலும் வைத்து இரண்டு பேர் ஆடும் ஆட்டம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் என்ற இரண்டு கணிதக்காரர்கள் கண்டுபிடித்தது. முளைவிடுவதைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல் இது, தமிழில் நேராக முளை.

சில புள்ளிகளை வையுங்கள். முறை வரும்போது இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும், அல்லது ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வளைந்து அதே புள்ளிக்கே திரும்பலாம். பிறகு அந்தக் கோட்டின் மேல் ஒரு புதுப் புள்ளி. கோடு எந்தக் கோட்டையும் வெட்டக்கூடாது, வேறு புள்ளி வழியாகவும் போகக்கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டு முனைகளுக்கு மேல் சேரக்கூடாது. கடைசியாகக் கோடு போட முடிந்தவர் வென்றார்.

புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்கிறதே, இது எங்கே முடியும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று உயிர் என்று வையுங்கள். ஒரு கோடு இரண்டு உயிரைத் தின்கிறது. புதுப் புள்ளியில் பிறக்கும்போதே இருபுறமும் கோடு ஒட்டியிருப்பதால் அதற்கு மிஞ்சுவது ஒரே உயிர். ஆக, ஒவ்வொரு முறையும் மொத்தத்தில் ஒன்று குறைகிறது. கடைசியாக வைத்த புள்ளியின் உயிர் எப்படியும் மிச்சமிருக்கும் என்பதால், n புள்ளியில் தொடங்கினால் 3n-1 கோட்டுக்கு மேல் போகவே முடியாது.

இரண்டு புள்ளிகளில் ஆடிப் பார்ப்போம்: அ, ஆ, மொத்தம் 6 உயிர். முதல் கோடு அ-ஆ, நடுவில் இ. இரண்டாவதும் அ-ஆ, வேறு பக்கமாக, நடுவில் ஈ. இப்போது ஒரு வளையம் உண்டாகி நான்கு புள்ளிக்கும் ஆளுக்கொரு உயிர். மூன்றாவது கோடு வளையத்துக்கு உள்ளே அ-ஆ, அதன் மேல் உ. அ, ஆ இரண்டும் செத்தன. நான்காவது வெளியே சுற்றி இ-ஈ, அதன் மேல் ஊ. இன்னும் உ, ஊ இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு உயிர் இருக்கிறது, ஆனால் ஒன்று வளையத்துக்குள், மற்றது வெளியே. ஒற்றை உயிரோடு தன்னையே சுற்றிக்கொள்ளவும் முடியாது. அதிகபட்சம் ஐந்து, இது நாலிலேயே நின்றுவிட்டது, இரண்டாவது ஆள் ஜெயித்தார். அப்படி உயிரோடு சிக்கிக்கொள்ளும் புள்ளிகளைக் குறிவைத்துதான் தேர்ந்தவர்கள் ஆடுகிறார்கள்.

சரி, தமிழ்ப் பெயர். வெறும் முளை என்றால் மாடு கட்டும் முளையா என்பார்கள். தளிர், துளிர் எல்லாம் இலைக்குப் போய்விடுகின்றன. முளையாட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, கூடவே கோட்டின் நடுவே வைக்கும் புள்ளியைக் கணு என்று சொல்லலாம்: கரும்பில் அடுத்த முளை கிளம்புவது கணுவில்தானே.