ஆப்பை அழித்த பிறகும் வெட்டுப்படும் காசு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள வங்கிக் கிளையொன்றில் வாடிக்கையாளர் சேவை மேசையில் நான் இருக்கிறேன். அட்டையிலிருந்து மாதாமாதம் தெரியாமல் பணம் போகிறது என்று வருபவர்களின் கையில் பெரும்பாலும் இரண்டு பொருட்கள் இருக்கும்: பாஸ் புத்தகமும், "இந்தக் காட்டை வெட்டிப் போடுங்கோ" என்று நீட்டும் அட்டையும். இரண்டுமே அந்த நேரத்துக்கு அதிகம் உதவாதவை. பாஸ் புத்தகத்தில் பெரும்பாலும் திகதியும் தொகையும் ஒரு சுருக்கக் குறியும் மட்டுமே விழும். பணத்தை எடுத்தவர் யார் என்பது அதில் இராது. அட்டையை வெட்டினாலும் சந்தா உயிரோடுதான் இருக்கும்.

சென்ற ஆண்டு யூலை 8 ஆம் திகதி விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான்; ஆங்கிலம் படிப்பதற்காக ஏப்ரல் 10 ஆம் திகதி வெளிநாட்டு நிறுவனமொன்றின் தளத்தில், ஏழு நாள் இலவசம் என்ற அறிவிப்பைப் பார்த்து, அம்மாவின் பற்று அட்டை விவரத்தைக் கொடுத்துப் பதிந்திருக்கிறான். அன்று அம்மாவின் தொலைபேசிக்கு ஓடிபி வந்தது, அவரும் சொல்லிவிட்டார். ஏழு நாள் முடிந்த 17 ஆம் திகதி முதல், ஒவ்வொரு மாதமும் 9.99 டொலர் போகத் தொடங்கியது. "ஆப்பை அண்டைக்கே அழிச்சுப் போட்டம் சேர், பிறகும் வெட்டுப்படுகுது. ஓடிபியும் வாறேல்லை" என்றார். ஓடிபி வராததில் வியப்பில்லை. முதல் தடவை கொடுத்த இசைவை வைத்துக்கொண்டு நிறுவனமே அடுத்தடுத்த மாதங்களுக்கான பணத்தைக் கோருகிறது. அட்டைக்காரர் அந்த நேரத்தில் திரையின் முன் இல்லாததால் அவரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை.

நான் முதலில் செய்தது கணக்குக் கூற்றை அச்சிட்டு அந்த வரியைப் பார்த்தது. யாரிடம் கேட்கவேண்டும் என்பதை அந்த வரிதான் சொல்லும். வரி `GOOGLE *` என்றோ `APPLE.COM/BILL` என்றோ தொடங்கினால் பணத்தை எடுப்பது கூகுளின் அல்லது அப்பிளின் ஆப்புக் கடை. அப்போது தொலைபேசியிலுள்ள அந்தக் கடைக் கணக்குக்குள் போய், Subscriptions பகுதியில் Cancel subscription என்பதை அழுத்தவேண்டும். ஆப்பைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினால் பெரும்பாலும் கடையிடம் போகச் சொல்லியே பதில் வரும். ஆசிரியையின் கூற்றில் நிறுவனத்தின் பெயரே நேராக இருந்தது. மகன் ஆப்புக்குள் வாங்காமல் இணையத்தளத்தில் பதிந்திருந்ததே காரணம். அதனால்தான் கடைப் பட்டியலில் தேடியபோது ஒரு சந்தாவும் காணப்படவில்லை. ஆப்பை அழித்தது தொலைபேசியில் கொஞ்சம் இடத்தை விட்டுக் கொடுத்ததோடு சரி.

அவர் சும்மா இருந்தவரும் அல்லர். மே 2 ஆம் திகதியே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். "என் காசு எடுபடுகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்" என்ற கருத்தில் மூன்று வரி, அவருடைய சொந்த முகவரியிலிருந்து. அந்த முகவரியில் கணக்கெதுவும் இல்லை என்று மறுநாள் பதில் வந்தது. பொய்யில்லை, கணக்கு மகனின் முகவரியில் இருந்தது. சரியான எண்ணத்தோடு எழுதிய கடிதம், எந்தக் கணக்கு என்று காட்டாததால், கேட்கப்படாத கடிதமாகவே கிடந்தது. மேயிலும் யூனிலும் பணம் போனது.

ஆகவே அன்று மேசையிலேயே புதிய கடிதத்துக்கான குறிப்பை எழுதினோம். மகன் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் தமிழில் இது:

> "இக்கடிதத்தை அனுப்பும் முகவரியே பதிவு செய்யப்பட்ட முகவரி. இந்தக் கணக்கிலுள்ள மாதச் சந்தாவை இன்று, யூலை 9 ஆம் திகதியிலிருந்து நிறுத்தும்படி கேட்கிறோம். பணம் செலுத்திய அட்டை என் தாயாருடையது; அதன் கடைசி நான்கு இலக்கங்கள் கீழே உள்ளன. அந்த அட்டையிலிருந்து பணம் எடுப்பதற்கு ஏற்கெனவே கொடுத்த இசைவை அவர் மீளப்பெறுகிறார்; இனி எந்தத் தொகையும் எடுக்கவேண்டாம். ஏப்ரல் 17, மே 17, யூன் 17 ஆகிய திகதிகளில் தலா 9.99 டொலர் எடுக்கப்பட்டதைக் காட்டும் கணக்குக் கூற்றின் பகுதி இணைக்கப்பட்டுள்ளது. மே 2 ஆம் திகதி அனுப்பிய கோரிக்கையின் பிரதியும் உண்டு. சந்தா நிறுத்தப்பட்ட திகதியை எழுத்தில் அறியத்தரவும். மே 2 க்குப் பின் எடுத்த இரு தொகைகளையும் திருப்பித் தரவும்."

இதில் நிறுத்துதலும் இசைவை மீளப்பெறுதலும் இரண்டு தனிக் கோரிக்கைகளாக இருப்பதைக் கவனிக்கவேண்டும். சந்தாவை மூடிய பிறகும் 'நிலுவை' என்று ஒரு தொகையை எடுத்த நிறுவனங்களை நான் கண்டிருக்கிறேன். இசைவு இல்லை என்று எழுதியிருந்தால் அந்த எடுப்பை வங்கியில் மறுத்துரைப்பது எளிது. கடிதம் மகனின் முகவரியிலிருந்தே போனது, தாயின் முகவரிக்குப் பிரதி. நிறுவனங்கள் ஆளை அறிவது பெரும்பாலும் பதிவு முகவரியால்தான்.

தொகையை ரூபாயில் எழுதவில்லை. கூற்றில் மூன்று மாதமும் மூன்று வெவ்வேறு ரூபாய்த் தொகைகள் இருந்தன, ஏனென்றால் அன்றன்றைய மாற்று வீதமும் வங்கியின் கட்டணமும் அதில் சேரும். நிறுவனத்தின் பேரேட்டில் இருப்பது 9.99 மட்டுமே. திகதியும் அப்படித்தான்: கணக்கில் பதிவான நாள் 19 என்று இருந்தாலும் கொடுக்கல் நடந்த நாள் 17, பின்னதையே எழுதவேண்டும். இந்த இரண்டும் பிழையாகப் போனதால் 'அப்படியொரு கொடுப்பனவு எம்மிடம் இல்லை' என்ற பதிலைப் பெற்றவர்கள் பலர்.

இனி இணைப்பு. சான்று என்றவுடன் அட்டையை இரு புறமும் படம்பிடித்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், ஒருபோதும் செய்யக்கூடாது. முழு அட்டை எண்ணும், காலாவதித் திகதியும், பின்புறத்து மூன்று இலக்கமும் ஒரு படத்தில் சேர்ந்தால் அது சான்றாக இராது, சாவியாகிவிடும். கடைசி நான்கு இலக்கம் போதும். ஓடிபியை 'சரிபார்ப்பதற்காக' எவராவது கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்தவேண்டும். பணம் எடுப்பதை நிறுத்துவதற்கு ஓடிபி தேவைப்படாது.

கணக்குக் கூற்றில் சம்பளம், சீட்டுக்காசு, வெளிநாட்டுத் தம்பி அனுப்பியது என்று ஒரு குடும்பத்தின் கதை முழுதும் கிடக்கும். வேண்டியது கணக்கு வைத்திருப்பவரின் பெயர், வங்கியின் பெயர், அந்த மூன்று வரிகள். மற்றவை மறைய வேண்டும். ஆசிரியை வீட்டில் தொலைபேசியின் பேனாவால் கறுப்படித்துக் கொண்டுவந்திருந்த படத்தை வாங்கி, திரையின் வெளிச்சத்தையும் படத்தின் பிரகாசத்தையும் கூட்டிப் பார்த்தேன். கறுப்புக்குக் கீழே கணக்கு எண் மங்கலாக, ஆனால் ஒவ்வோர் இலக்கமாக எழும்பி வந்தது. அந்தப் பேனா ஊடு தெரியும் வகை. கணினியில் பிடிஎஃப் கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வைப்பதும் சில வேளைகளில் இப்படித்தான்: பெட்டியின் கீழிருக்கும் எழுத்தைத் தெரிவுசெய்து வேறிடத்தில் ஒட்டினால் முழுதாக வந்துவிடும். நாங்கள் செய்தது பழைய வேலை. அச்சுப் பிரதியில் வேண்டாத வரிகளின் மேல் வெள்ளைத் தாள் துண்டுகளை வைத்துப் போட்டோக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைப் படம்பிடித்தோம். வெள்ளைத் தாள் துண்டு செய்ததை எந்த ஆப்பும் செய்யாது என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

உள்ளூர் இணைய இணைப்பு, செய்மதித் தொலைக்காட்சி போன்றவற்றுக்குக் கடிதத்தின் எலும்பு இதுவே. பதிவு முகவரிக்குப் பதில் இணைப்பு எண் வரும், அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள். அந்தப் பிரதியின் குறுக்கே 'இன்ன எண்ணுடைய இணைப்பை நிறுத்துவதற்கு மட்டும்' என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். நிறுவனம் தந்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் வரவேண்டாம்.

யூலை 9 காலை கடிதம் போனது. சில நிமிடங்களில் தன்னியக்கப் பதில் ஒரு முறைப்பாட்டு எண்ணோடு வந்தது. அதை அழிக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 12 ஆம் திகதி மனிதர் ஒருவர் எழுதினார்: சந்தா நிறுத்தப்பட்டது, யூன் மாதத் தொகை திருப்பப்படும், மே மாதத்துக்குரியது முடியாது. அதில் எனக்கு உடன்பாடில்லைதான். ஆனால் மே 2 கடிதத்தில் கணக்கைக் காட்டும் ஒன்றுமே இல்லாததால் வாதாட அதிகம் இருக்கவில்லை.

யூலை 17 அன்று மறுபடியும் 9.99 போனது.

ஆசிரியை அழுகிற குரலில் தொலைபேசி எடுத்தார். எனக்கோ இம்முறை கவலை குறைவு, ஏனென்றால் இப்போது கையில் ஒரு திகதி இருந்தது. விசா, மாஸ்டர்காட் இரண்டிலும், நிறுத்தப்பட்ட சந்தாவுக்கு எடுத்த பணத்தை அட்டைக்காரரின் வங்கி மறுத்துரைக்க வழி உண்டு. விசாவில் அதற்கு 13.2 என்று தனிக் குறியே இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்வி: எப்போது நிறுத்தச் சொன்னீர்கள், அதற்கு என்ன சான்று? நிறுத்தச் சொன்ன திகதிக்கு முன் போனது, நிறுவனத்திடம் கேட்டுப் பெறவேண்டிய பணம். பின் போனது, வங்கி வழியாகக் கோரக்கூடிய பணம். பொதுவாக இதற்கு 120 நாள் வரை இடமுண்டு என்றாலும், வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு வைக்கும் காலம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே கூற்றைக் கண்ட கிழமையிலேயே வரவேண்டும். வங்கி தட்டிக்கழித்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம்.

அட்டையை அப்போதும் வெட்டவில்லை. புதிய அட்டை கொடுத்தாலும், சில வங்கிகள் சேர்ந்துள்ள புதுப்பிப்புச் சேவைகளின் வழியாகப் புதிய எண் வணிகருக்குப் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. எண் மாறினால் தப்பினோம் என்று நினைப்பவர் கூற்றைப் பார்ப்பதையும் விட்டுவிடுவார். இணையக் கொடுப்பனவை மட்டும் தற்காலிகமாக மூடி வைத்தோம்.

மறுப்புப் படிவத்தோடு நான்கு தாள்கள் இணைத்தோம்: யூலை 9 கடிதம், முறைப்பாட்டு எண் வந்த பதில், 12 ஆம் திகதியின் 'நிறுத்தப்பட்டது' என்ற பதில், 17 ஆம் திகதி வரியுள்ள கூற்று. ஆறாவது கிழமையில் பணம் கணக்குக்கு வந்தது. ஓகஸ்ட் 17 அன்று மாலை அவர் தொலைபேசியில் ஒரு செய்தியும் வரவில்லை என்று எடுத்துச் சொன்னார். கொடுக்கல் சில வேளை இரண்டு நாள் பிந்திப் பதிவாகும், 19 வரை பாருங்கள் என்றேன். 20 ஆம் திகதி, பரந்தன் சந்தியில் பஸ் மாறும் இடைவெளியில், "இல்லை சேர், ஒண்டும் எடுபடேல்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.