அமெரிக்கன் புட்: எந்நாளும் விற்கும் உரிமை

'அமெரிக்கன் புட்' என்ற பெயரில் இருக்கிற 'அமெரிக்கன்' என்பதை முதலில் தள்ளி வைத்துவிடலாம், அதற்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை. பங்கைப் பேசிய விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தருகிற ஆப்ஷன் ஒப்பந்தத்தின் கடைசி நாளில் மட்டும் உரிமையைப் பயன்படுத்த முடியும் என்றால் அது ஐரோப்பிய வகை. அந்த நாள் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றால் அமெரிக்க வகை. பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1965-இல் எழுதிய கட்டுரை வழியாக இந்தப் பிரிவு ஏட்டில் ஏறியது. அமெரிக்கச் சந்தைகளில் தனி நிறுவனப் பங்குகளின் மீது நடக்கும் ஆப்ஷன்கள் இன்றும் அமெரிக்க வகைதான். நம் ஊர் என்.எஸ்.இ.யில் பங்கு ஆப்ஷன்கள் முன்பு அமெரிக்க வகையாக இருந்து, 2011 தொடக்கத்தில் ஐரோப்பிய வகைக்கு மாறின. திரையில் தினமும் பார்க்கிற `CE`, `PE` இரண்டிலும் வரும் `E` அந்த ஐரோப்பிய வகையைத்தான் சொல்கிறது, பழைய ஒப்பந்தங்களில் அது `CA`, `PA` என்று இருந்தது.

'புட்' இன்னும் பழைய சொல். 1690-களிலேயே லண்டன் பங்கு வியாபாரிகள் வாயில் புழங்கியது. என் பங்கை உன் தலையில் கட்டிவிடும் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள்: சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும், பேசிய விலைக்கு எதிராளி வாங்கியே ஆகவேண்டும். தமிழில் 'விற்கும் உரிமை' என்பதே போதும். சில இடங்களில் 'விற்பனைத் தெரிவு' என்று பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஒட்டவில்லை, யார் எதைத் தெரிகிறார்கள் என்பது அதில் தெரிவதில்லை. ஆகவே அமெரிக்கன் புட் என்பது எந்நாளும் விற்கும் உரிமை, ஐரோப்பியன் புட் என்பது முடிவுநாள் விற்கும் உரிமை.

அடுத்தது, இந்த உரிமைக்கு விலை கணக்கிட உதவும் 'பைனாமியல் ட்ரீ'. பள்ளிக் கணக்கில் படித்த ஈருறுப்புத் தேற்றத்தின் அதே 'ஈருறுப்பு'தான். ஒவ்வொரு கட்டத்திலும் விலைக்கு இரண்டே வழி, ஏறலாம் அல்லது இறங்கலாம். கடைசிக் கட்டத்தில் எந்த விலைக்கு எவ்வளவு நிகழ்தகவு என்று எண்ணினால் ஈருறுப்புப் பரவல் வந்து நிற்கும். அதனால் 'பலகட்ட ஈருறுப்பு மரம்' என்று சொல்வது சரி. கிளை பிரியும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'நோட்', நமக்குக் 'கணு' கைவசம் இருக்கிறது. இந்த முறையைப் பரவலாக்கியது ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை.

சரி, மரம் எதற்கு? முடிவுநாள் உரிமைக்கு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் இருக்கிறது, எண்களைப் போட்டால் விலை வந்துவிடும். எந்நாளும் விற்கும் உரிமைக்கு அப்படி ஒரு கச்சிதமான சூத்திரம் கிடையாது, ஏனென்றால் உரிமையை வைத்திருப்பவர் எப்போது பயன்படுத்துவார் என்பதே விலையைப் பொறுத்தது, விலையோ அவர் எப்போது பயன்படுத்துவார் என்பதைப் பொறுத்தது. மரத்தில் இந்த முடிச்சைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து அவிழ்க்கலாம்.

ஒரு கணக்கு போட்டே பார்ப்போம். பங்கு இன்று 100 டாலர், விற்க ஒப்புக்கொண்ட விலை 110 டாலர், மூன்று கட்டங்கள், டிவிடெண்ட் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பங்கு 10 விழுக்காடு ஏறும் அல்லது 10 விழுக்காடு இறங்கும், வட்டி கட்டத்துக்கு 2 விழுக்காடு (நிஜத்தில் இது பெரிய வட்டி, எண்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வைத்திருக்கிறேன்). ஏறினால் பெருக்கும் எண் `u` 1.1, இறங்கினால் `d` 0.9, வட்டிக்கு `R` 1.02. ஏறுவதற்கான எடை `p = (R - d)/(u - d)`, அதாவது (1.02 − 0.9)/0.2 = 0.6. இது பங்கு ஏறும் என்று யாரோ கணித்த வாய்ப்பு அல்ல, பங்கின் சராசரி வளர்ச்சி வட்டிக்குச் சமமாக வரும்படி அமைந்த எடை.

மூன்றாம் கட்ட முடிவில் பங்கு 133.1, 108.9, 89.1, 72.9 ஆகிய நான்கில் ஒன்றில் நிற்கும். உரிமையின் மதிப்பு முறையே 0, 1.1, 20.9, 37.1. இனி ஒரு கட்டம் பின்னால் வாருங்கள். பங்கு 99-இல் இருக்கும் கணுவில் காத்திருந்தால் கிடைப்பது (0.6 × 1.1 + 0.4 × 20.9)/1.02 = 8.84. இப்போதே விற்றால் 110 − 99 = 11. எது பெரிதோ அதுதான் அந்தக் கணுவின் மதிப்பு, ஆக 11. பங்கு 81-இல் இருக்கும் கணுவில் காத்திருந்தால் 26.84, விற்றால் 29, அங்கேயும் விற்பதே லாபம். 121-இல் விற்பதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பின் மதிப்பு 0.43 அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 99-லும் சரி 81-லும் சரி, விற்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே, 2.16 டாலர். அது தற்செயல் இல்லை, 110 டாலரை ஒரு கட்டம் முன்னால் வாங்குவதால் மிச்சமாகும் வட்டி (110 − 110/1.02). இந்த இரண்டு கணுக்களிலிருந்தும் பங்கு ஏறினாலும் இறங்கினாலும் 110-க்குக் கீழேதான் முடியும், அதனால் காத்திருப்பதில் வேறு எந்த நன்மையும் இல்லை, வட்டி போவதுதான் மிச்சம். முன்கூட்டியே விற்பதற்கான காரணம் முழுக்க இந்த வட்டிதான். வட்டி பூஜ்யம் என்றால் டிவிடெண்ட் இல்லாத பங்கில் அவசரப்படக் காரணமே இருக்காது.

இன்னொரு கட்டம் பின்னால்: பங்கு 90-இல் காத்திருந்தால் 17.84, விற்றால் 20, விற்கலாம். 110-இல் விற்றால் பூஜ்யம், காத்திருந்தால் 4.57. கடைசியாக இன்றைய கணு: (0.6 × 4.57 + 0.4 × 20)/1.02 = 10.53. இன்றே விற்றால் 10 டாலர்தான், எனவே இன்று காத்திருக்க வேண்டும், விலை ஒரு படி இறங்கினால் உடனே விற்க வேண்டும். உரிமையின் விலை 10.53. இதே மரத்தில் முடிவுநாள் உரிமையைக் கணக்கிட்டால் 8.36-தான் வருகிறது.

தவறு நடக்கும் இடமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான். பலர் மரம் முழுவதையும் முடிவுநாள் உரிமை போலவே பின்னோக்கிக் கணக்கிட்டுவிட்டு, வேரில், அதாவது இன்றைய கணுவில் மட்டும் ஒருமுறை ஒப்பிடுவார்கள். அப்போது விடை 10 என்று வரும், பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். ஒப்பீடு ஒவ்வொரு கணுவிலும் நடக்க வேண்டும், ஒப்பிட்டபின் கிடைத்த பெரிய எண்தான் முந்தைய கட்டத்துக்குப் போக வேண்டும். நிரலில் அது `max` வரும் ஒரே வரி. `S0` இன்றைய பங்கு விலை, `K` பேசிய விலை, `n` கட்டங்களின் எண்ணிக்கை, `V`-இல் தொடக்கத்தில் கடைசிக் கட்ட மதிப்புகள் கீழிருந்து மேலாக இருக்க வேண்டும்:

```python
for i in range(n-1, -1, -1):
    for j in range(i+1):
        hold = (p*V[j+1] + (1-p)*V[j]) / R
        V[j] = max(hold, K - S0*u**j*d**(i-j))
```

நிரல் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. டிவிடெண்ட் தராத பங்கின் மீதான வாங்கும் உரிமையை முன்கூட்டியே பயன்படுத்துவதில் ஆதாயமில்லை, ஆகவே `max` வரியையும் கடைசிக் கட்ட மதிப்புகளையும் வாங்கும் உரிமைக்கு மாற்றி ஓட்டினால் இரண்டு வகைக்கும் ஒரே விலை வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ பிழை.

மூன்று கட்டம் கையால் போட்டுப் பார்க்கத்தான். நிஜ விலைக்குச் சில நூறு கட்டங்கள் வேண்டும், அப்போதும் கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து விடை மேலும் கீழுமாக ஆடும், அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கைகளின் சராசரியை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். டிவிடெண்ட் வரும் பங்கு என்றால் அந்த நாளில் பங்கின் விலை இறங்குவதையும் மரத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டிவிடெண்டுக்கு முந்தின நாள் விற்கச் சொல்லும் மரம், உண்மையில் ஒருநாள் பொறுத்து இறங்கிய பிறகு விற்பதுதான் பெரும்பாலும் லாபம்.