கிரகணப் பதிவு எப்போது கெட்டுப்போகும்?

முகநூல் பக்கம் நடத்துகிறவர்கள் பழைய பதிவுகளில் எதைத் திரும்பப் போடலாம் என்று பார்க்க உட்கார்ந்தால், பெரும்பாலும் முதலில் செய்வது பட்டியலை ரீச் வரிசைப்படி அடுக்கி மேலே இருப்பதில் பத்தை எடுப்பதுதான். ஆரம்பமே அங்கே சறுக்கிவிடும். ஒரு வானியல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் மேலே நிற்பவை எல்லாம் கிரகணம், விண்கல் மழை, சந்திரயான் இறங்கிய நாள் என்று தேதியோடு ஒட்டிப் பிறந்தவையாக இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, யார் எழுதியிருந்தாலும் ஓடியிருக்கும். அந்த ரீச்சில் பாதி பதிவுடையது அல்ல, அந்த நாளுடையது.

அதனால் ரீச்சை அப்படியே பார்க்காமல், பார்த்தவர்களில் எத்தனை பேர் ஷேர் செய்தார்கள் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கிரகண இரவின் பதிவு 40,000 பேரை அடைந்து 300 ஷேர் வாங்கியது, சனிக்கோளின் வளையம் பற்றிய பதிவு 3,000 பேரை அடைந்து 90 ஷேர் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, இரண்டாவது நூற்றுக்கு மூன்று பேர். கணக்கு இப்படிப் புரண்டாலும் இதை மட்டும் நம்ப முடியாது. "இன்னைக்கு ராத்திரி மறக்காம பாருங்க" என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதும் ஷேர்தானே. கமெண்டைத் திறந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். "எத்தனை மணிக்கு?", "எங்க ஊர்ல தெரியுமா?" என்று கேட்டிருந்தால் அது நாளுக்கான பதிவு. "ஏன் சிவப்பா ஆகுது?" என்று கேட்டிருந்தால், அதுவும் பதிவு போட்டு ஒரு மாதம் கழித்து யாரோ கேட்டிருந்தால், அதில் வாடாத சரக்கு இருக்கிறது.

அடுத்து எழுத்துக்குள் போக வேண்டும். பதிவுகளை ஏற்றுமதி செய்து கூகுள் ஷீட்டில் B நெடுவரிசையில் வைத்திருந்தால், காலத்தைக் காட்டும் சொற்கள் இருப்பவற்றை முதலில் சலித்துவிடலாம்:

```
=REGEXMATCH(B2, "இன்ற|இன்னை|நாளை|நேற்ற|இந்த வார|தற்போ|சமீப")
```

"இன்று" என்று முழுதாகத் தேடாமல் "இன்ற" என்று நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. கணினியில் உயிர்மெய்யின் குறி தனி எழுத்தாகத்தான் பதிவாகிறது, அதனால் "இன்ற" என்று கொடுத்தால் இன்று, இன்றைக்கு, இன்றிரவு எல்லாமே சிக்கும். வேண்டாததும் சிக்கும், "ஒரு நாளைக்கு 24 மணி நேரம்" என்ற வரி "நாளை"யில் மாட்டும், அதைக் கையால் விடுவிக்க வேண்டியதுதான். சல்லடையில் விழாமல் தப்புவதுதான் பெரிய தலைவலி. "நிலவு சிவக்கும்" என்ற வரி எப்போதும் நடப்பதையும் சொல்லலாம், நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்லலாம், வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றே. இதைப் பிரிக்க ஆள்தான் படிக்க வேண்டும்.

படிக்கும்போது பதிவை மொத்தமாக ஒரு பெட்டியில் போடாதீர்கள், வாக்கியம் வாக்கியமாகப் பாருங்கள். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுக்கத் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்துக்கு எழுதிய ஒரு பதிவை எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்தி: இரவு 11 மணிக்கு நிலவு முழுதாக நிழலுக்குள் போகும், 82 நிமிடம் அப்படியே இருக்கும். இரண்டாவது: பூமியின் காற்று மண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு சிவப்பை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது, அதனால் நிலவு செம்பு நிறமாகிறது. மூன்றாவது: வெறும் கண்ணால் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது, அந்த நேரத்தில் சாப்பிடவும் செய்யலாம். முதல் பத்தி செப்டம்பர் 8 விடிவதற்குள் செத்துவிட்டது, மற்ற இரண்டும் அடுத்த நூற்றாண்டிலும் செல்லும். அப்படியென்றால் செய்ய வேண்டியது பழையதை ஷேர் பொத்தானால் திரும்பத் தள்ளுவது அல்ல. மூலப் பதிவின் தேதி சின்ன எழுத்தில் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள், "இன்றிரவு 11 மணி" என்பதைப் படித்துவிட்டு நாலு பேர் மொட்டை மாடிக்குப் போய் நிற்பார்கள். இரண்டாம் மூன்றாம் பத்தியை வெட்டி எடுத்துப் புதிய பதிவாகப் போட வேண்டும்.

ஆண்டுதோறும் திரும்பி வருபவை தனி ரகம். இவற்றில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள், தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொள்வதால். நிழலில்லா நாள் நல்ல உதாரணம். சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து, நட்டுவைத்த கம்பின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும் நாள், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஏப்ரலில் உச்சி நேரம் பகல் 12:07. அந்தப் பதிவில் ஏப்ரலை ஆகஸ்ட் ஆக்கி மட்டும் போட்டால் தப்பு, ஆகஸ்டில் உச்சி 12:13 சுமாருக்குத்தான். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் உச்சி நேரம் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது. ஆறு நிமிடம்தானே என்று விட முடியாது, அதற்குள் ஒரு மீட்டர் கம்பு இரண்டரை சென்டிமீட்டர் நிழல் போடும், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியர் "நிழல் இருக்கே?" என்று கமெண்டில் வந்து கேட்பார், கேட்கத்தான் வேண்டும். தேதியும் நேரமும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் மதுரைக்காரருக்கு இந்த இரண்டு எண்ணுமே உதவாது.

எல்லாவற்றையும்விட மோசமானவை, வாடாத பதிவு போலவே உட்கார்ந்திருக்கும் ரகம். "அதிக நிலவுகள் உள்ள கோள் எது?" என்பதில் இன்று நாளை எதுவும் இல்லை, சல்லடையில் விழவே விழாது. ஆனால் 2019இல் சனி 82 நிலவுகளோடு வியாழனை முந்தியது, 2023 தொடக்கத்தில் வியாழன் 92ஆகி முன்னே போனது, அதே ஆண்டு மே மாதம் சனி 146ஆகித் திரும்ப முந்தியது, 2025 மார்ச்சில் ஒரே அடியாக 128 சேர்ந்து 274 ஆனது. 2023 மார்ச்சில் "வியாழன்தான்" என்று எழுதியவர் எழுதிய அன்று சரி, கோடை முடிவதற்குள் தவறு. இப்படிப்பட்டதை எண்ணை மட்டும் திருத்தித் திருத்தி ஓட்டுவதைவிட, எண் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதுவது நல்லது: புதிதாகச் சேர்பவை சில கிலோமீட்டர் அளவுள்ள துண்டுகள், பல மணி நேரம் எடுத்த படங்களை நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கண்ணில் படும். அந்த விளக்கம் 300 ஆனாலும் நிற்கும். "அதிகம்", "முதல்", "மிகப் பெரிய", "இதுவரை" என்ற சொற்கள் வரும் பதிவு எதுவாக இருந்தாலும் ஒருமுறை சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள். அந்தச் சொற்களை மேலே உள்ள சூத்திரத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஷீட்டில் இதற்கெல்லாம் ஒரே ஒரு கூடுதல் நெடுவரிசை போதும், "அடுத்து எப்போது பார்க்க வேண்டும்" என்று. நிலவு சிவக்கும் காரணத்தைச் சொல்லும் பதிவுக்கு எதிரே 2028 டிசம்பர் 31 என்று போடலாம், அன்றிரவு இந்தியாவில் முழுக் கிரகணம் வசதியான நேரத்தில் தெரியும், அப்போது மேலே ஒரு நேரப் பத்தியைப் புதிதாக ஒட்டினால் போதும். ஜெமினிட் விண்கல் மழைக்கு டிசம்பர் 13 என்று போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. 2024இல் அதன் உச்சம் பௌர்ணமியை ஒட்டி வந்து பெரும்பாலான கல் நிலவொளியில் கரைந்தது, 2026இல் அமாவாசைக்குச் சில நாள் கழித்து வருவதால் நிலவு சீக்கிரம் மறைந்துவிடும். "மணிக்கு நூறுக்கு மேல் பார்க்கலாம்" என்ற பழைய வரியை விடலாமா வேண்டாமா என்பதை அந்த ஆண்டின் நிலவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.